"மிடில் மீட்டஸ்"னு சொன்னா பாஸா?

முன்குறிப்பு: இது மூக்கு பத்தின பதிவு. சளி, சீழ் எல்லாம் வரும். சாப்பிட்டுக்கிட்டே படிக்கிற நண்பர்கள் கையைக் கழுவிட்டு வந்து தொடரலாம். நான் அவசரப்படல.

போன வாரம் ஒரு மாதிரி வைவா. மேற்படிப்பு படிக்கிற டாக்டர்களுக்கு நிஜப் பரீட்சைக்கு முன்னாடி ஒத்திகை மாதிரி நடத்துவோம். எலும்பு மேஜை, கருவி மேஜை, எக்ஸ்ரே மேஜைன்னு ஒவ்வொண்ணா உட்கார்ந்து கேள்வி கேட்கணும். நான் எலும்பு மேஜையில ஓரமா இருந்தேன். என் பக்கத்துல ஒரு மூத்த பேராசிரியர். எதிரே இறுதியாண்டு படிக்கிற ஒரு பொண்ணு, கையில பாதியா அறுத்த மண்டை ஓடு.

"மேக்ஸிலரி சைனஸ் எங்கம்மா திறக்குது?"

"மிடில் மீட்டஸ் சார்."

"குட். எல்லா சைனஸ்லயும் இதுதான் அதிகமா கெட்டுப்போகுது. ஏன்?"

அந்தப் பொண்ணு ஒரு நொடி யோசிச்சிட்டு, பல் வேர் பக்கத்துல இருக்கு, திறக்கிற வழி குறுகல், மத்த சைனஸ்களோட கழிவும் அந்த வழியாத்தான் போகுதுன்னு வரிசையா சொல்லிச்சு.

"முக்கியமானதை விட்டுட்டியே. வாசல் மேல இருக்கு, தரை கீழ இருக்கு. புவியீர்ப்புக்கு எதிரா வடியணும். அதனால தேங்குது."

"சார், சிலியா இருக்கே சார். அது எப்பவுமே மேல நோக்கித்தானே தள்ளுது. புவியீர்ப்பு காரணம்னா..."

"ஏம்மா, எனக்குப் பாடம் எடுக்கறியா? புத்தகத்துல இருக்கறதைச் சொல்லு போதும்."

அவ்வளவுதான். பொண்ணு முகம் சுருங்கிடுச்சு. அடுத்த நாலு கேள்விக்கும் தெரிஞ்ச பதிலே வரல. நான் அங்கே வாயைத் திறக்கல. மூத்தவர், பழக்கம், மரியாதை, எல்லாம் இருக்கே. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்தப் பதிவு. பொண்ணு சொன்னது சரி, அவர் சொன்னது தப்பு. அதைவிட முக்கியம், "எங்க திறக்குது" அப்படிங்கற கேள்வியே தப்பு. ஏன் இவ்வளவு உறுதியா சொல்றேன்னா அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கினவன் நான். வாங்கிட்டு என்ன பண்ணினேன்னு கீழ வருது.

முதல்ல டாக்டர் இல்லாத நண்பர்களுக்காக ஒரு சின்ன சுற்றுலா.

உங்க கன்னத்து எலும்புக்குப் பின்னாடி ஒரு காலி அறை இருக்கு. ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு. பெரியவங்களுக்கு ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 15 மில்லி பிடிக்கும், ஒரு மேசைக்கரண்டி அளவுன்னு வெச்சுக்குங்க. இதுதான் மேக்ஸிலரி சைனஸ். இதோட தரை மேல்வரிசைக் கடைவாய்ப் பல் வேருக்கு மேல. கூரை கண்ணுக்குக் கீழ. வாசல் எங்கேன்னு பார்த்தா, மூக்குப் பக்கத்துச் சுவர்ல உச்சியில, கொஞ்சம் முன்பக்கமா. சில மில்லிமீட்டர் அளவுதான். ஒரு எஞ்சினியர்கிட்ட காட்டினா, "எவன்யா தண்ணி போற ஓட்டையைக் கூரைகிட்ட வெச்சது"ன்னு கேட்பார். அந்த எஞ்சினியர் கேள்விதான் நம்ம பேராசிரியர் பதிலா மாறியிருக்கு.

ஆனா இந்த அறை தண்ணித் தொட்டி இல்லைங்க. உள்சுவர் முழுக்க கண்ணுக்குத் தெரியாத முடிகள், அதுதான் சிலியா. ஒவ்வொண்ணும் நொடிக்குப் பத்துத் தடவைக்கும் மேல அடிக்கும், நாத்து வயல்ல காத்தடிச்சா அலை போற மாதிரி ஒரே திசையில. அதுக்கு மேல சளி ரெண்டு அடுக்கா இருக்கு. அடியில தண்ணி மாதிரி மெல்லிசா ஒண்ணு, அதுல முடிகள் தடையில்லாம அசையும். மேல பசை மாதிரி ஒண்ணு. முடியோட நுனி அந்தப் பசை அடுக்கை மட்டும் பிடிச்சுத் தள்ளும். தூசி, கிருமி எல்லாம் அந்தப் பசையில ஒட்டிக்கிட்டு மொத்தமா நகரும்.

எங்கே நகரும்? இதுதான் விஷயம். தரையில தொடங்கி எல்லாச் சுவர்லயும் நட்சத்திரம் மாதிரி விரிஞ்சு மேல ஏறி, கூரையையும் தொட்டுட்டு, அந்த ஒரே வாசலைத் தேடிப் போகும். நீங்க நின்னாலும் படுத்தாலும் சிரசாசனம் பண்ணினாலும் அதே பாதைதான். ஆஸ்திரியாவில கிராட்ஸ் நகரத்துல மெசர்கிளிங்கர்னு ஒரு பேராசிரியர் இந்தப் பாதைகளை வருஷக்கணக்கா உட்கார்ந்து கவனிச்சுப் பதிவு பண்ணினார். 1978-ல அவரோட எண்டோஸ்கோப்பி புத்தகம் ஆங்கிலத்துல வந்துச்சு. அதுக்கும் முன்னாடியே, 1941-ல, ஹில்டிங்னு ஒரு அமெரிக்கர் முயல்களோட சைனஸ்ல செயற்கையா ஓட்டை போட்டா என்ன ஆகும்னு சோதிச்சு எழுதியிருக்கார். ஆக இது நேத்து வந்த புதுச் செய்தி இல்ல. நம்ம வைவா மேஜைக்கு மட்டும் இன்னும் வந்து சேரல.

இந்தப் பாதையில இன்னொரு விசித்திரம் இருக்கு. வாசலுக்குப் போற வழியில நீங்க புதுசா ஒரு ஓட்டை போட்டீங்கன்னு வைங்க. குறுக்கு வழி கிடைச்சுதேன்னு சளி அதுல இறங்கிப் போகும்னுதானே நினைப்போம்? போகாது. ஓட்டையோட விளிம்பைச் சுத்திக்கிட்டு, அதைத் தாண்டி, பழைய வாசலுக்கே போகும். மாமியார் வீட்டுக்கு புது பைபாஸ் போட்டாலும் பழைய ரோட்லயேதான் போவேன்னு அடம்பிடிக்கிற பெரியவர் மாதிரி.

இப்போ சரித்திரத்தைப் பாருங்க. 1893-ல நியூயார்க்ல கால்ட்வெல், 1897-ல பாரீஸ்ல லூக். ரெண்டு பேரும் தனித்தனியா, மேல் உதட்டைத் தூக்கி, கன்ன எலும்புல துளை போட்டு சைனஸுக்குள்ள போற ஆபரேஷனைச் சொன்னாங்க. அந்தக் காலத்துல ஆன்டிபயாடிக் கிடையாது, உள்ள சீழ் கட்டியிருக்கும், அதை வெளியேத்தியே ஆகணும். கூடவே மூக்குக்குள்ள கீழ்ப்பக்கம், இன்ஃபீரியர் மீட்டஸ்ல ஒரு ஜன்னல் போடறதும் வழக்கமாச்சு. காரணம்? தரைகிட்ட ஓட்டை இருந்தா புவியீர்ப்புல தானா வடிஞ்சிடும்! பல பத்தாண்டு, உலகம் முழுக்க, ஆயிரக்கணக்கான மூக்குகள்ல அந்த ஜன்னல். ஜன்னல் திறந்தே இருக்கும், சளி அதைச் சுத்திட்டு மேல போய் அடைச்ச வாசல்ல முட்டிக்கிட்டு நிக்கும். நோயாளி "சார் இன்னும் சரியாகல"ன்னு வருவார். கொஞ்ச நாள்ல அந்த ஜன்னலும் சுருங்கி மூடிக்கும்.

"வாசல் மேல இருக்கு, அதான் தேங்குது"ங்கறது வெறும் வைவா பதில் இல்ல. அது ஒரு தப்பான ஆபரேஷனோட தத்துவம். ஆபரேஷன் பெரும்பாலும் போயிடுச்சு, தத்துவம் மட்டும் பரீட்சை ஹால்ல உட்கார்ந்திருக்கு.

அந்தப் பதிலை நம்பறவங்களுக்கு ஒரே ஒரு கேள்வி. நெத்தியில இருக்கற ஃப்ரான்டல் சைனஸுக்கு வாசல் எங்கே? அடியில, தரையில. புவியீர்ப்புக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. உங்க கணக்குப்படி அது கெட்டே போகக்கூடாது. ஆனா எங்களை மாதிரி ஆபரேஷன் பண்றவங்ககிட்ட எந்த சைனஸ் தூக்கத்தைக் கெடுக்குதுன்னு கேளுங்க. பத்துல ஒன்பது பேர் ஃப்ரான்டல்னுதான் சொல்வாங்க. போதாக்குறைக்கு, வாசல்லேர்ந்து சளியை உள்ள இழுக்கற ஓட்டம் இருக்கறதும் அதுல மட்டும்தான். நடுச்சுவர் வழியா மேல ஏறி, கூரையில வெளிப்பக்கமா போய், ஓரத்துல இறங்கி, தரை வழியா வாசலுக்கு வரும். வந்ததுல ஒரு பகுதி வெளியே போகாம மறுபடி உள்ளயே சுத்தும். கிரிவலம் மாதிரி. புவியீர்ப்பை வெச்சு இதுல எதையாவது விளக்க முடியுமா?

நியாயமா ஒண்ணு சொல்லிடறேன், இல்லேன்னா பின்னூட்டத்துல யாராவது பிடிச்சுடுவீங்க. புவியீர்ப்புக்கு வேலையே இல்லைன்னு நான் சொல்லல. பிறவியிலேயே சிலியா அசையாத ஒரு நோய் இருக்கு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்னு ஒண்ணு, அதுல சளி கோந்து மாதிரி கெட்டியாயிடும். இவங்களுக்கு கன்வேயர் பெல்ட் நின்னுபோச்சு, அறை நிஜமாவே வெறும் தொட்டியாயிடுச்சு. அங்கே வாசலைத் தரை மட்டம் வரைக்கும் அகலமாக்கறதுக்கு அர்த்தம் இருக்கு, கழுவறதுக்கும் வசதி. தரையில உருண்டையா பூஞ்சை கட்டியிருந்தா அதை எடுக்கவும் கீழ் ஜன்னல் உதவும். எடுக்கற வழி அது, வடியற வழி இல்ல. ஆக, பெல்ட் ஓடுதா இல்லையாங்கறதுதான் முதல் கேள்வி. அந்தப் பொண்ணு அதைத்தான் சொல்ல வந்துச்சு. சொல்ல விடல.

சரி, இப்போ என் கதை.

நான் பரீட்சை எழுதினப்போ இதே மேஜை, இதே கேள்வி. "மேக்ஸிலரி?" "மிடில் மீட்டஸ்." "ஃப்ரான்டல்?" "மிடில் மீட்டஸ்." "பின் எத்மாய்டு?" "சுப்பீரியர் மீட்டஸ்." "ஸ்ஃபீனாய்டு?" "ஸ்ஃபீனோ எத்மாய்டல் ரிசெஸ்." "நேசோலேக்ரிமல் டக்ட்?" "இன்ஃபீரியர் மீட்டஸ்." பட் பட் பட்னு. வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி. எக்ஸாமினர் சிரிச்சார். பாஸ்.

ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு அம்மா வந்தாங்க. முப்பத்தஞ்சு வயசிருக்கும், டீச்சர். வலது கன்னத்துல பாரம், ஓயாத சளி, மருந்துக்குக் கேட்கல. சி.டி. ஸ்கேன்ல வலது மேக்ஸிலரி சைனஸ் முழுக்க அடைச்சிருந்துச்சு. எண்டோஸ்கோப் ஆபரேஷன் பண்றதுன்னு முடிவாச்சு. நேரா பார்க்கிற, அதாவது பூஜ்யம் டிகிரி எண்டோஸ்கோப்பை உள்ள விட்டேன். மிடில் மீட்டஸ்ல அழகா, வட்டமா ஒரு ஓட்டை. எனக்கு ஒரே சந்தோஷம். "மேக்ஸிலரி சைனஸ் எங்க திறக்குது? மிடில் மீட்டஸ்ல." இதோ மிடில் மீட்டஸ், இதோ ஓட்டை! அதைப் பெருசாக்கினேன், பின்னாடியும் கீழேயும். உள்ள இருந்த சளியை உறிஞ்சினேன். இருபது நிமிஷத்துல முடிச்சிட்டு டீ சாப்பிடப் போனேன்.

மூணு மாசத்துல திரும்பி வந்தாங்க. "டாக்டர், கன்னம் பாரம் பரவால்ல, ஆனா தொண்டையில சளி இறங்கிக்கிட்டே இருக்கு. க்ளாஸ்ல பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை கனைக்கறேன், பசங்க கிண்டல் பண்றாங்க." பார்த்தா, நான் போட்ட ஓட்டை ஜம்முனு திறந்திருந்துச்சு. "நல்லாத்தானே இருக்கு"ன்னு சொல்லி ஆன்டிபயாடிக் எழுதினேன். மறுபடி வந்தாங்க. வேற ஆன்டிபயாடிக். அலர்ஜின்னு ஒரு ஸ்ப்ரே. எட்டு மாசம் இப்படியே ஓடுச்சு. ஒரு கட்டத்துல மன உளைச்சலோன்னு கூட எனக்குள்ள நினைச்சேன். அதை எழுதறதுக்கே இப்போ வெட்கமா இருக்கு.

கடைசியில எங்க சீனியர் ஒருத்தர்கிட்ட காட்டினேன். அவர் நேரா பார்க்கிற எண்டோஸ்கோப்பை எடுக்கவே இல்ல. நாற்பத்தஞ்சு டிகிரி சாய்வா பார்க்கிறதை எடுத்து, என் ஓட்டைக்கு முன்பக்கம் திருப்பினார். "இங்க பார்றா."

முன்னாடி அன்சினேட்னு ஒரு மெல்லிசான எலும்பு இருக்கும், அரிவாள் மாதிரி வளைஞ்சு. நான் அதை முழுசா எடுக்கல, ஒரு துண்டு நின்னுபோச்சு. அந்தத் துண்டுக்குப் பின்னாடி மறைஞ்சு, நீள்வட்டமா, சாய்வா இன்னொரு ஓட்டை. அதுதான் நிஜமான வாசல். அதுலேர்ந்து கெட்டியா ஒரு சளிக்கயிறு வெளியே வந்து, நேரா பின்னாடி போய், நான் போட்ட ஓட்டை வழியா மறுபடி சைனஸுக்குள்ளயே இறங்கிக்கிட்டிருந்துச்சு. உள்ள போனது சுவர்ல ஏறி, முன் வாசலுக்கு வந்து, வெளியே வந்து, பின் ஓட்டையில இறங்கி... ராத்திரி பகலா அதே சளி வட்டம் சுத்துது. மோதிரம் மாதிரி தெரிஞ்சுது. அதுல கிருமி வளராம என்ன செய்யும்?

பின்னோக்கிக் கடிக்கிற ஒரு கருவி இருக்கு, பேக்பைட்டர்னு பேரு. அதை வெச்சு அன்சினேட் துண்டை எடுத்து, ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல இருந்த சதையையும் எடுத்து, ரெண்டையும் ஒண்ணாக்கினார். கால் மணி நேர வேலை. ஆறு வாரத்துல அந்த அம்மாவோட கனைப்பு நின்னுது.

சீனியர் என்னைத் திட்டல. கேள்வி ஒண்ணு மட்டும் கேட்டார்: "ஆபரேஷன் பண்ணாத மூக்குல பூஜ்யம் டிகிரி ஸ்கோப்ல ஒரு வட்ட ஓட்டை தெரிஞ்சா அது என்னடா?" எனக்குத் தெரியல. பதில்: அது பெரும்பாலும் நிஜ வாசலே இல்ல. நிஜ வாசல் அன்சினேட்டுக்குப் பின்னாடி, இன்ஃபண்டிபுலம்ங்கற ஒரு சந்துக்குள்ள ஒளிஞ்சிருக்கும். அன்சினேட்டை எடுக்காம நேரா பார்த்தா கண்ணுக்குப் படாது. நேரா தெரியற வட்ட ஓட்டை உபரி ஓட்டை. அதுக்குப் பின்னாடி எலும்பே இல்லாம ரெண்டு பக்கச் சவ்வு மட்டும் இருக்கற இடம் ஒண்ணு இருக்கு, அங்கே சிலருக்குத் தானாவே இருக்கும். வடிகாலுக்கு அதால பிரயோஜனம் கிடையாது. வடிவத்துலயே சொல்லிடலாம்: வட்டமா, பின்னாடி, சுலபமா தெரியுதுன்னா சந்தேகப்படு. நீள்வட்டமா, முன்னாடி, ஒளிஞ்சிருந்தா நம்பு.

ஸ்கேன்லயும் கண்டுபிடிச்சிருக்கலாம். முகத்தை முன்னாலேர்ந்து பின்னால துண்டு துண்டா வெட்டிக் காட்டற படங்கள்ல, பின் துண்டுகள்ல என் ஓட்டை பெருசா தெரிஞ்சுது, அதைப் பார்த்துத்தான் "திறந்திருக்கு"ன்னு முடிவு பண்ணினேன். முன் துண்டுகளுக்குப் போயிருந்தா, மெல்லிசா ஒரு எலும்புக்கீற்று நிக்கறதும் அதுக்கும் கண்குழிச் சுவருக்கும் நடுவுல சந்து அடைச்சிருக்கறதும் தெரிஞ்சிருக்கும். படம் கையிலதான் இருந்துச்சு. எங்கே பார்க்கணும்னு கேள்வி கேட்டுப் பழக்கினவங்கதான் யாரும் இல்ல.

இப்போ சொல்லுங்க. "மேக்ஸிலரி சைனஸ் எங்க திறக்குது?" "மிடில் மீட்டஸ்." என் பதில்ல தப்பு இருக்கா? இல்ல. நூத்துக்கு நூறு சரி. அந்தச் சரியான பதிலை வெச்சுக்கிட்டுத்தான் தப்பான ஓட்டையைப் பெருசாக்கினேன். ஏன்னா மிடில் மீட்டஸ்ங்கறது ஒரு தெருப் பேரு. கதவு நம்பர் இல்ல.

ஃப்ரான்டல் சைனஸ் விஷயத்துல இது இன்னும் மோசம். அதுவும் "மிடில் மீட்டஸ்"தான். ஆனா அதே அன்சினேட் எலும்போட மேல்முனை எங்கே ஒட்டியிருக்குங்கறதைப் பொறுத்து வழியே மாறும். பலருக்கு அது வெளிப்பக்கமா, கண்குழியோட மெல்லிய சுவர்ல போய் ஒட்டும். அப்போ நெத்தி சைனஸ் அன்சினேட்டுக்கு உள்பக்கமா, நேரா மிடில் மீட்டஸ்ல இறங்கும். வெளிப்பக்கச் சந்துல மேல போனா முட்டுச்சந்து. சிலருக்கு மேல மண்டைத் தரையிலயோ, உள்பக்கம் மிடில் டர்பினேட்லயோ ஒட்டும். அப்போ நெத்தி சைனஸ் வெளிப்பக்கமா, இன்ஃபண்டிபுலத்துக்குள்ளயே இறங்கும். சந்து அடைச்சா அதுவும் சேர்ந்து அடைக்கும். எந்தப் பக்கம்னு தெரியாம தேடறது விளையாட்டு இல்ல, உள்பக்கம் தப்பா போனா மூளைக்கும் மூக்குக்கும் நடுவுல இருக்கற மிகமிக மெல்லிசான எலும்பு. உடைஞ்சா மூளைத் தண்ணி மூக்கு வழியா ஒழுகும்.

இதுக்கு வைவால நாம கேட்கிறது என்ன? "ஃப்ரான்டோ நேசல் டக்ட் எங்க திறக்குது?" டக்ட்டே கிடையாதுங்க அங்கே! குழாய் மாதிரி எதுவும் இல்ல. மணல்கடிகாரம் மாதிரி நடுவுல ஒடுங்கி, சுத்தி இருக்கற குட்டிக் குட்டி அறைகள் நெருக்கி உண்டாக்கின ஒரு இடைவெளி. அந்த அறைகள் ஆளுக்கு ஆள் மாறும். 2014-ல ஐரோப்பிய நிபுணர்கள் சேர்ந்து மூக்கு உடற்கூற்றுக்கான பெயர்களை ஒழுங்குபடுத்தினாங்க. 2016-ல அந்த அறைகளுக்குன்னே தனியா ஒரு சர்வதேச வகைப்பாடும் வந்துச்சு. நாம இன்னும் இல்லாத குழாய்க்கு விலாசம் கேட்டுக்கிட்டிருக்கோம்.

இதைச் சொன்னா வழக்கமா ஒரு எதிர்வாதம் வரும். "ஒரு மாணவருக்குப் பத்து நிமிஷம். எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே பதில், சரி தப்பு சுலபமா தெரியும், பாரபட்சம்னு யாரும் சொல்ல முடியாது. நீ கேட்கிற மாதிரி கேட்டா எக்ஸாமினருக்கு எக்ஸாமினர் மார்க் மாறும்." இதுல உண்மை இருக்கு. மனசு வெச்சுக் கேட்கிற எக்ஸாமினரும் இருக்காங்க, முகத்தைப் பார்த்து மார்க் போடறவங்களும் இருக்காங்க. பட்டியல் கேள்வி ரெண்டாவது ஆளுங்ககிட்டேர்ந்து மாணவரைக் காப்பாத்துது. பட்டியலைத் தூக்கி எறியச் சொல்லல. அது ஒரு நிமிஷம். முதுகலை மாணவர்கிட்ட மிச்ச ஒன்பது நிமிஷமும் அதையே கேட்கிறதுதான் பிரச்சனை. எம்.பி.பி.எஸ். பையனுக்குத் தெரு தெரிஞ்சா போதும், அவன் கத்தி எடுக்கப் போறதில்ல.

நான் கேட்கிறதுக்கும் ஒரே பதில்தான். பாருங்க: அந்த அறுத்த மண்டை ஓட்டைக் கையில குடுத்து, "தரைகிட்ட ஓட்டை போட்டாச்சு, வாசல் அடைச்சே இருக்கு, சளி எந்தப் பக்கம் போகும், விரலால வரைஞ்சு காட்டு" அப்படின்னு கேளுங்க. விரல் மேல போனா பாஸ், கீழ போனா ஃபெயில். இதுல என்ன பாரபட்சம் வரும்? அடுத்து, ஒரு எண்டோஸ்கோப் படம், வட்ட ஓட்டை: "இதைப் பெருசாக்குவியா? அதுக்கு முன்னாடி எதை எடுக்கணும்?" அடுத்து ஸ்கேன்: "அன்சினேட்டை மேல வரைக்கும் தொடர்ந்து போ, எங்க ஒட்டுது? அப்போ ஃப்ரான்டல் எந்தப் பக்கம் வடியும்?" மூணே கேள்வி. நேரம் மிச்சமிருந்தா எனக்குப் பிடிச்ச ஒண்ணு: "ஒரு பக்கம் மட்டும், நாத்தத்தோட சீழ் வந்தா மூக்கை விட்டுட்டு எங்க பார்ப்பே?" வாயைத் திறக்கச் சொல்லி மேல் கடைவாய்ப் பல்லைப் பார்ப்பேன்னு சொன்னா எழுந்து கைகுடுப்பேன். பல் டாக்டர் நண்பர்கள் கவனிக்க :-)

மாதிரி வைவா முடிஞ்சு சாயங்காலம் அந்தப் பொண்ணு கான்டீன்ல வந்து கேட்டுச்சு. "சார், நிஜப் பரீட்சையில அந்தக் கேள்வி வந்தா என்ன சொல்றது? நீங்க சொல்றதா, புத்தகத்துல இருக்கறதா?"

கொஞ்சம் யோசிச்சேன். வீராவேசமா ஏதாவது சொல்லி ஒரு வருஷப் படிப்பைக் காலி பண்ணக்கூடாது பாருங்க. "முதல்ல பல் வேர், குறுகின வழி, மத்த சைனஸோட கழிவு, மூணையும் சொல்லும்மா. அப்புறம் 'வாசல் உயரத்துல இருக்கு, அதனால சிலியா வேலை செய்யலைன்னா தேங்கிடும்'னு சொல்லு. 'சிலியா வேலை செய்யலைன்னா'ங்கறதை மட்டும் விட்டுடாதே. கேட்கிறவருக்கு அவர் வார்த்தை கிடைச்சுது. நீ சொன்னதும் பொய்யில்ல."

"அவர் அந்த வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு மேல கேட்டா சார்?"

"கேட்டா அவர் நல்ல எக்ஸாமினர். மண்டை ஓட்டை எடுத்து விரலால வரைஞ்சு காட்டு."

டீ ஆறிடுச்சு. அந்தப் பொண்ணு டம்ளர் விளிம்பைச் சுத்தி விரலை ஓட்டிப் பார்த்துட்டு, "கீழ ஜன்னல் போட்டாலும் இப்படிச் சுத்திட்டு மேலதான் போகுமா சார்?"னு மறுபடி கேட்டுச்சு. ஆமாம்மா, மேலதான்.

(எக்ஸாமினரா இருக்கற பதிவர்கள் யாராவது இதைப் படிச்சா பின்னூட்டத்துல தாராளமா திட்டலாம். ஆனா திட்டறதுக்கு முன்னாடி, ஃப்ரான்டல் சைனஸ் ஏன் கெட்டுப்போகுதுன்னு புவியீர்ப்பை வெச்சு ஒரு வரி எழுதிட்டுத் திட்டுங்க.)